பொறி இல்லாத பின்னணி

தர்மபுரியில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. ஒரு மேசை, கணினி, சுவரில் ஒரு பழைய டிவி. வருகிறவர்களுக்கு அந்த டிவியில்தான் வேலையைப் போட்டுக் காட்டுவேன். கல்லூரிக் கருத்தரங்குகளுக்கும் மருத்துவமனைக் கூட்டங்களுக்கும் மண்டபங்களின் எல்இடி திரைகளுக்கும் ஸ்லைடு செய்து கொடுப்பது என் தொழில். எழுத்துக்குப் பின்னால் ஏதாவது மெல்ல அசைந்துகொண்டிருக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஓடும் அலை, மிதக்கும் புள்ளிகள், பட்டுத்துணி மடிவதுபோல் ஒளி. முன்பெல்லாம் இணையத்தில் தேடி எடுப்பேன். சில வருடங்களாக எழுதி எடுக்கிறேன். வேண்டியதை வார்த்தைகளில் எழுதிக் கொடுத்தால் கணினி சில விநாடி வீடியோ செய்து தருகிறது. அந்த வார்த்தைகளுக்கு பிராம்ப்ட் என்று பெயர்.

தொடக்கத்தில் இது சுலபம் என்று நினைத்தேன். 'அழகான பின்னணி' என்று மட்டும் எழுதினால் அது மலையும் சூரியனும் பறவைக் கூட்டமும் கொண்டுவந்து கொட்டியது. எது அசைகிறது, எந்தப் பக்கம், எவ்வளவு மெதுவாக, எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு, எழுத்து உட்காரக் காலி இடம் எங்கே, கேமரா அசையாமல் நிற்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. சபையில் இருப்பவர் பேச்சை விட்டுவிட்டுப் பின்னணியைப் பார்க்கத் தொடங்கினால் என் வேலை கெட்டுப்போனது என்று பொருள். பார்த்தும் பார்க்காதது போல இருக்கும் ஒன்றைச் செய்து தருவதற்குத்தான் எனக்குக் கூலி.

எங்கள் மாவட்டத்தில் பட்டாசு செய்யும் இடம் ஒன்று வெடித்தது. எந்த ஊர் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. இறந்தவர்களின் வீடுகள் அங்கே இன்னும் இருக்கின்றன. அது நடந்து ஒரு வருடம் ஆகப்போகும் சமயத்தில், பெண் தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் என்னைத் தேடி மாடியேறி வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. வேகமாகப் பேசுவார், பேசும்போதே போனைப் பார்ப்பார். நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள், அதிகாரிகள் வருகிறார்கள், இறந்தவர்களின் பெயர்களையும், இனி அப்படி நடக்காமலிருக்க என்ன வேண்டும் என்பதையும் ஸ்லைடுகளாகக் காட்ட வேண்டும். பேசப்போவது அவரில்லை. அந்த இடத்தில் வேலை செய்து, வெடித்த நேரத்தில் தண்ணீர் பிடிக்க வெளியே போனதால் தப்பிய ஒரு பெண். அவளுடைய தங்கை உள்ளே இருந்தாள். இப்போது இவர்களோடு களப்பணி செய்கிறாள்.

"அதிகாரிங்க வராங்கம்மா. நம்மள சும்மா நெனச்சிரக் கூடாது," என்றார் ஒருங்கிணைப்பாளர். "பெங்களூர்ல ஒரு மாநாட்டுல பாத்தேன். பின்னாடி கருநீலமா இருக்கும், தங்கத் துகள் மாதிரி மேல மேல போய்க்கிட்டே இருக்கும். ரொம்ப கௌரவமா இருந்துச்சு. அது மாதிரி வேணும்."

துயரக் கூட்டத்துக்குப் பொருத்தமாகவே எனக்கும் பட்டது. அஞ்சலி நிகழ்ச்சிகளில் அதைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். அன்று மத்தியானமே எழுதினேன். அடர்நீலம் மேலே போகப்போகக் கருப்பாகக் கரைய வேண்டும், மிகச் சிறிய பொன்னிறத் துகள்கள் கீழ் விளிம்பிலிருந்து மிக மெதுவாக மேலேறி, பாதி வழியில் மங்கி மறைய வேண்டும், நடுவில் வெறுமை, கேமரா அசையக் கூடாது. மூன்றாவது முயற்சியில் நினைத்தபடியே வந்தது. நானே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ஸாப்பில் அனுப்பினேன். 'சூப்பர்மா' என்று பதில் வந்தது.

ஒத்திகைக்கு இருவரும் என் அறைக்கு வந்தார்கள். அந்தப் பெண்ணை அன்றுதான் முதலில் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். இடது முன்கையில் தோல் வேறு நிறமாக இருந்தது. செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்தாள். நான் நாற்காலியைக் காட்டியும் டிவிக்கு எதிரே ஸ்டூலில்தான் உட்கார்ந்தாள். பேச வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தாள்.

முதல் ஸ்லைடைப் போட்டேன். கருநீலம், நடுவில் நிகழ்ச்சியின் தலைப்பு, கீழிருந்து ஏறும் துகள்கள். "எல்லாருக்கும் வணக்கங்க," என்று தொடங்கினாள். அடுத்த வரி வரவில்லை. திரையையே பார்த்தாள். அவளுக்கு மறந்துவிட்டதென்று ஒருங்கிணைப்பாளர் மெல்ல எடுத்துக்கொடுத்தார். அவள் எழுந்தாள். கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கிப் போனாள்.

"பயந்துட்டா போலருக்கு. இருங்க, வருவா," என்றார் ஒருங்கிணைப்பாளர். எனக்கு அது பயமாகத் தெரியவில்லை. நான் இறங்கிப் போனேன்.

கடை வாசலில் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வெறுங்கால். தரை சுட்டிருக்கும். படியிலிருந்து செருப்பை எடுத்துப் போய் அவள் முன்னால் வைத்தேன்.

"மன்னிச்சுக்கோங்கக்கா," என்றாள். "நீங்க கஷ்டப்பட்டு செஞ்சிருப்பீங்க."

"என்னாச்சும்மா?"

"அது பொறிங்க."

எனக்கு முதலில் புரியவில்லை.

"சத்தம் கேட்டப்ப நான் குடத்தைத் தூக்கி இடுப்புல வெக்கிறேன்," என்றாள். "திரும்பிப் பாத்தேன். ஷெட்டே இல்ல. சத்தத்துக்கப்புறம் எனக்குக் காது அடைச்சிருச்சு. ஒன்னும் கேக்கல. பொறி மட்டும் மேல போவுது. வேகமா போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்பிடித் தெரியலீங்க. மெதுவாத்தான் போச்சு. அந்த டிவியில போவுதே, அதே மாதிரி."

மிக மெதுவாக என்று எழுதியது நான்தான். அந்த இடம் வெடித்ததைச் செய்தியில் பார்த்தவள் நான். பார்த்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனவள். ஒரு பெண் அங்கே நின்று எதைப் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்ற வழியே இல்லை. ஆனாலும் அவள் பார்த்ததை நான் எழுத்தால் செய்து வைத்திருந்தேன்.

மேலே வந்து சொன்னதும் ஒருங்கிணைப்பாளர் போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். "அய்யோ," என்றார். பிறகு வெகுநேரம் அவர் போனைத் தொடவில்லை. அந்தப் பெண் முகம் கழுவிக்கொண்டு மேலே வந்தாள். போகலாம் என்று நாங்கள் சொன்னோம். அவள்தான் இருந்து முடித்துவிட்டுப் போகலாம் என்றாள்.

நிறத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று தொடங்கினேன். நீலத் துகள்கள். அவள் பார்த்துவிட்டு, "இது நாங்க போடுற நீலம்," என்றாள். வானத்தில் வெடிக்கும் பட்டாசுக்கு நிறம் தரும் மருந்துருண்டைகளை அவள் கையால் அடுக்கியிருக்கிறாள். பச்சை, சிவப்பு எதைச் சொன்னாலும் அதற்கு அவள் நினைவில் ஒரு மருந்து டப்பா இருந்தது. வெள்ளையாக்கி, மேலேறுவதை மாற்றிக் கீழே இறங்கும்படி எழுதினேன். அது சாம்பலாக இறங்கியது. அவள் சொல்லும் முன்பே நான் நிறுத்திவிட்டேன்.

துகளே வேண்டாம் என்று முடிவு செய்து, கிரேடியன்ட் மட்டும் எழுதினேன். நிறங்கள் மட்டும் கரைந்து ஓடும் பின்னணி. ஒரு பயத்தில், பிராம்ப்டின் கடைசியில் பொறி வேண்டாம், நெருப்பு வேண்டாம், வெடிப்பு வேண்டாம் என்றும் சேர்த்தேன். வந்த வீடியோவில் வலது மூலையில் ஆரஞ்சு வெளிச்சம் ஒன்று உள்ளிருந்து கனிந்துகொண்டிருந்தது.

நான் பயன்படுத்தும் மென்பொருளில் இப்படி அடிக்கடி நடக்கும். வேண்டாம் என்ற சொல்லை அது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நெருப்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளும். வேண்டாததைச் சொல்லத் தனிக் கட்டம் வைத்திருக்கும் மென்பொருள்களும் உண்டு. இதில் அது இல்லை. வேண்டியதை மட்டுமே சொல்ல முடியும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் அன்று கை அதை எழுதிவிட்டது. அந்த மூன்று சொற்களையும் அழித்தேன். ஆரஞ்சு போய்விட்டது. ஆனால் சாம்பல் நிற அலைகள் சுருண்டு எழுந்து புகையாகத் தெரிந்தன.

"பேசாம கருப்பா ஒரு ஸ்லைடு வெச்சிரலாம்," என்றார் ஒருங்கிணைப்பாளர். "ஒன்னும் அசைய வேணாம். வெறும் எழுத்து."

எனக்கும் அதுவே நல்லதென்று பட்டது. அந்தப் பெண் தலையசைத்து மறுத்தாள்.

"அசையட்டுங்க," என்றாள். "நான் நடுவுல நின்னுருவேன்."

"நின்னுருவேன்னா?"

"பேர் படிக்கறப்ப. எங்க தங்கச்சி பேரு வர்றப்ப எனக்கு வாய் வராது. வூட்டுல சொல்லிப் பாத்தா அங்கதான் நிக்குது. கொஞ்ச நேரம் ஆவும். அப்பறம் வந்துரும். எல்லாம் நின்னு கெடந்தா, அவங்க முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு கை தட்டிருவாங்க. இல்லன்னா யாராவது வந்து மைக்க வாங்கிருவாங்க. பின்னாடி ஏதாச்சும் நடந்துக்கிட்டிருந்தா, இன்னும் இருக்குதுன்னு தெரியும் இல்லீங்களா?"

இத்தனை வருடத்தில் பின்னணி எதற்கு என்று ஒருவரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. கௌரவமாக இருக்கும் என்பார்கள், மாடர்னாக இருக்கும் என்பார்கள். இவள் ஒரு வேலையைச் சொன்னாள். அவள் வாயடைத்து நிற்கும் நேரத்தில் அது அவளுக்காக அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

"அப்ப எது அசைஞ்சா உங்களுக்குப் பரவால்ல?" என்று கேட்டேன். "மேல போறதும் வேணாம், கீழ வர்றதும் வேணாம், சுருளறதும் வேணாம்."

எனக்கு என்னங்க தெரியும் என்றாள். ஒருங்கிணைப்பாளர் டீ வாங்கிவரக் கீழே போனார். அவர் போனபிறகு அவளே பேசினாள். வத்தல்மலையில் அவர்களுடைய அத்தை வீடு இருக்கிறது. பள்ளிக்கூட லீவில் அக்காளும் தங்கையும் அங்கே போவார்கள். மத்தியானத்தில் இருவரும் படுத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்ப்பார்களாம். சுவரில் வெயில் விழுந்திருக்கும். வெளியே மேகம் கடக்கும்போது சுவர் மங்கும், பிறகு தெளியும். எப்போது மங்கும் என்று இருவரும் பந்தயம் வைப்பார்கள்.

"அது ஒன்னும் அசையாதுங்க," என்றாள். "வெளிச்சந்தான் கொறையும், ஏறும்."

"சுவர் என்ன நிறம்?"

"வெள்ளை அடிச்சது. ஆனா வெள்ளையா இருக்காது. கொஞ்சம் பச்ச பாஞ்சாப்புல இருக்கும். வெளிய மரம் இருக்குதில்ல."

நான் திரும்பி உட்கார்ந்து எழுதினேன். சுவர் என்ற சொல்லைப் போடவில்லை. போட்டால் செங்கல்லும் விரிசலும் ஜன்னலும் வந்துவிடும். மேகம் என்றும் எழுதவில்லை, வானம் வந்துவிடும். பால் வெண்மையும் மிக வெளிறிய இளம்பச்சையும் ஒன்றோடொன்று கலந்த அகன்ற, மிருதுவான பரப்பு. உருவம் இல்லாதது, விளிம்பு இல்லாதது. பரப்பு முழுவதும் அசையாமல் இருக்க, ஒளியின் அளவு மட்டும் இடமிருந்து வலமாக மிக மெதுவாகக் குறைந்து, வெளிச்சத்துக்கும் மங்கலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் நிற்க வேண்டும். கேமரா நிலையானது. இவ்வளவுதான். ஆங்கிலத்தில் நான்கு வரி வந்தது.

முதலில் வந்ததில் ஒளி ஓடியது, டார்ச் அடித்ததுபோல. ஒளி என்ற சொல்லைச் சுற்றியிருந்த அடைமொழிகளைக் குறைத்தேன். அடுத்ததில் ஒன்றுமே நடக்கவில்லை. அதற்கடுத்ததில், கவனித்துப் பார்த்தால் மட்டுமே தெரிகிற மாதிரி, ஒரு நிழல் கடந்துபோனது.

வீடியோ சில விநாடிதான். அதை எடிட்டிங்கில் நீட்டி இன்னும் மெதுவாக்கினேன். பின் அதையே கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும்படி திருப்பி வாலில் ஒட்டினேன். துகள்களுக்கு இந்த வித்தை உதவாது. ஏறியவை திடீரென்று இறங்கத் தொடங்கும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒளிக்கு அந்தச் சிக்கல் இல்லை. குறைந்தது ஏறும், ஏறியது குறையும், ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. பின்னணி வெளிறியிருந்ததால் எழுத்தை அடர்த்தியான நிறத்துக்கு மாற்றினேன். ஒளி மிகக் குறைந்த நேரத்திலும் மிக ஏறிய நேரத்திலும் நிறுத்தி, எழுத்து படிக்க முடிகிறதா என்று பார்த்தேன். முடிந்தது.

அவள் எதிரே உட்கார்ந்து இரண்டு மூன்று முறை சுற்றிவர விட்டுப் பார்த்தாள். ஒருங்கிணைப்பாளர் டீயோடு வாசலில் நின்றபடியே பார்த்தார்.

"இதுல ஒன்னுமே இல்லையேம்மா," என்றார்.

"இருக்கட்டுங்க மேடம்," என்றாள் அவள்.

கூட்டத்தன்று காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டேன். நல்லவேளை. என் டிவியில் வழுவழுப்பாக இருந்த நிறம் அந்தப் பெரிய எல்இடி திரையில் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிந்தது, படிக்கட்டு மாதிரி. மெல்லிய நிறமாற்றம் பெரிய திரைக்குப் போனால் இப்படி ஆவதுண்டு. அதற்கு மருந்து, வீடியோவின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிமணலைத் தூவுவதுபோல் ஒரு சொரசொரப்பைச் சேர்ப்பது. சேர்த்தால் பட்டைகள் கலைந்துவிடும். ஆனால் அது மீண்டும் புள்ளிகள்தானே என்று எனக்குக் கை வரவில்லை. அவளைக் கூப்பிட்டு நடப்பதைச் சொன்னேன். சேர்த்துக் காட்டினேன். கிட்டே போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள்.

"சுண்ணாம்பு மாதிரிதான் இருக்குது," என்றாள். "பரவால்லீங்க."

இறந்தவர்களின் குடும்பங்கள் முன்வரிசைகளில் இருந்தன. அதிகாரிகள் சற்றுத் தாமதமாக வந்தார்கள். நான் மேடையின் ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். ஸ்லைடு மாற்றுவது என் பொறுப்பு. அவள் நீலப் புடவையில் வந்து மைக் முன் நின்றாள். வணக்கம் சொன்னாள். ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம், அன்று எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஷெட்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

பிறகு பெயர்கள். ஒரு ஸ்லைடில் ஒரு பெயர். அவள் படிப்பாள், நான் அடுத்ததை மாற்றுவேன். தங்கையின் பெயர் திரையில் வந்தது. அவள் நின்றாள்.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. அவளுக்குப் பின்னால் வெளிச்சம் மெல்லக் குறைந்தது. பெயர் அப்படியே இருந்தது. ஒரு அதிகாரி போனிலிருந்து தலைதூக்கித் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்து அடுத்ததைப் போடும்படி கையசைத்தார். அவருக்கு அவளைக் காப்பாற்றும் பதற்றம். என் விரல் பட்டன்மேல் இருந்தது. நான் அழுத்தவில்லை. வெளிச்சம் வலமிருந்து இடமாகத் தெளிந்துகொண்டு வந்தது. யாரும் கைதட்டவில்லை. யாரும் எழுந்து வரவில்லை. மறுபடி மங்கத் தொடங்கியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒருங்கிணைப்பாளர் கையை இறக்கிவிட்டார்.

அவள் பெயரைச் சொன்னாள். முழுதாக, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் அடுத்த பெயரைப் போட்டேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது அதிகாரிகளில் ஒருவர் அவளிடம் வந்து, இடைவெளி பற்றிய ஸ்லைடைத் தனக்கு அனுப்பச் சொன்னார். மற்றவர்கள் காரேறிப் போய்விட்டார்கள். பின்னணியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக நான் உள்ளுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

பிறகு பட்டாசு செய்யும் சில இடங்களில் சோதனை நடந்ததாக அவள் சொன்னாள். ஒரு இடத்தை மூடினார்கள், ஒரு இடத்தில் கதவுகளை மாற்றி வைத்தார்கள். பல இடங்களில் ஒன்றும் மாறவில்லை என்றும் சொன்னாள். இப்போது மற்ற மாவட்டங்களிலும் அவளைப் பேசக் கூப்பிடுகிறார்கள். அதே ஸ்லைடுகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போகிறாள். சில மண்டபங்களில் திரை கிடையாது, புரொஜெக்டர்தான். வெளிறிய நிறம் பகல் வெளிச்சத்தில் தெரியாது, ஜன்னல்களைச் சாத்தச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

போன மாதம் அப்படி ஓரிடத்துக்குப் போய்விட்டு, திரும்பும் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாள். பாதிப் பேச்சில் கரண்ட் போய்விட்டதாம்.

"அப்பறம் என்னம்மா பண்ணீங்க?"

"ஜன்னலத் தொறக்கச் சொன்னேங்க. பேர் எல்லாம் எனக்குத்தான் தெரியுமே."

"தங்கச்சி பேரு?"

பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. கண்டக்டர் எந்த ஊரையோ கூவினார்.

"நின்னேங்க," என்றாள். "எல்லாரும் அப்படியே உக்காந்திருந்தாங்க."